மண்டபத்தில் சரிந்த அலங்காரச் சட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் திருமண மண்டபம் நடத்துபவன். அண்மையில் எங்கள் மண்டபத்தில், விருந்தினர் நின்று படம் எடுப்பதற்காக வைத்திருந்த எட்டடி உயர அலங்காரச் சட்டம் சரிந்து, ஒரு பெண்மணிக்கு நெற்றியில் தையல் போடும் அளவுக்குக் காயம். அவரை மருத்துவமனைக்கு அனுப்பிய பின், சட்டத்தை யாரும் நகர்த்தாமல் தடுத்து, நாலா பக்கமும் படம் எடுத்து, பார்த்தவர்கள் சொன்னதை எழுதி வைத்தேன். அந்த அறிக்கையில் தெரிந்ததை மற்ற மண்டபக்காரர்களும் அறிய வேண்டும்.

இரும்புக் குழாய் உடையவில்லை, பற்றவைப்பும் விடவில்லை. தண்ணீர் ஊறிய பஞ்சில் செருகிய பூக்கள் முழுவதும் மேல் பகுதியில் இருந்ததால் பாரம் உச்சியில் நின்றது. அடிக்கால்களோ முன்னும் பின்னும் ஓரடிகூட நீளவில்லை. அவற்றின் மேல் கிடந்த மணல் மூட்டைகளைப் படத்தில் தெரிகிறது என்று யாரோ அகற்றியிருக்கிறார்கள். பின்னால் இருந்த பெரிய மின்விசிறியைத் திருப்பியதும், இறுக்கிக் கட்டிய திரைத்துணி கப்பல் பாய்போல் காற்றை வாங்கிவிட்டது.

இப்போது பின்புறம் சாய்வுத் தாங்கு குழாயும், சுவர்க் கொக்கிகளில் இரண்டு இடத்தில் கம்பிக் கட்டும் இல்லாமல் சட்டம் நிறுத்த விடுவதில்லை. பிளாஸ்டிக் பட்டையால் கட்டினால் ஏற்பதில்லை. பூ வைத்து முடித்த பிறகு, தோள் உயரத்தில் கையால் தள்ளிப் பார்ப்போம். அடிக்கால் தரையைவிட்டு எழும்பினால் அலங்காரக்காரர் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். முகூர்த்த அவசரம் என்று கெஞ்சினாலும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு திருமண மண்டப உரிமையாளர்