அப்பாவின் எண்பதுக்கு நீ அனுப்பிய மேட்டர்

அன்புள்ள ரகு,

நீ அனுப்பிய பேனர் மேட்டர் வந்தது. கடையில் பையன் லே-அவுட் போட உட்கார்ந்துவிட்டான், நான்தான் கொஞ்சம் நிறுத்தி வை என்றேன். மேலே "இன்னும் நூறாண்டு வாழ்க", கீழே "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்", அம்மா படத்துக்குப் பக்கத்தில் "தீர்க்க சுமங்கலி பவ". மூன்றுமே எங்கள் கடையில் வாரத்துக்கு நாலு தடவை அடிக்கிற வரிகள், எதிலும் எழுத்துப்பிழை இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்கு இந்த மூன்றும் சரிவருமா என்று எனக்கு சந்தேகம். ஃபோனில் சொன்னால் நீ பாதியில் "சரிடா சரிடா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நங்கநல்லூர் போய் அப்பாவைப் பார்த்தேன். நான் போன நேரம் பக்கத்து ஃபிளாட் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார், நல்ல மனிதர். கிளம்பும்போது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு "நீங்க நூறு வயசு இருக்கணும் சார்" என்றார். அப்பா வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "இப்படியேவா சார்?" என்று கேட்டார். கோபமாக எல்லாம் இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். அந்தப் பெரியவருக்குப் பதில் வரவில்லை. அம்மா காபி டம்ளரை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். பக்கவாதம் வந்து ஒரு வருஷமாக ஒரு பக்கம் வராத மனிதருக்கு ஆயுசை மட்டும் நீட்டிக் கொடுத்தால், அது அவர் காதில் எப்படி விழும் என்று யோசித்துப் பார்.

அதே வரியை நம் ஐ.சி.எஃப். மாமாவுக்குச் சொல்லு, எண்பத்தி மூணு வயசில் தினமும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறவர், "நூறு எதுக்குடா, நூத்திப்பத்து சொல்லு" என்பார். யாரையாவது பற்றிப் பேசும்போது அவரே வாசலில் வந்து நின்றால் "உங்களுக்கு ஆயுசு நூறு" என்கிறோமே, அது விளையாட்டுப் பேச்சு, அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. தொண்ணூற்றெட்டு நடக்கிற ஒரு பாட்டிக்கு "நூறாண்டு வாழ்க" அடிக்கச் சொல்லி ஒரு குடும்பம் வந்தது. ரெண்டு வருஷம்தானா கொடுப்பீங்க என்று நான் கேட்ட பிறகுதான் அவர்களுக்கே சிரிப்பு வந்தது, "பல்லாண்டு" என்று மாற்றிக்கொண்டு போனார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நம் பழைய வாழ்த்துகளே வெறும் ஆயுசோடு நிற்பதில்லை. சதாபிஷேகத்தில் வாத்தியார் அட்சதை போட்டு ஆசீர்வாதம் சொல்லும்போது "சதமானம் பவதி சதாயு: புருஷ: சதேந்த்ரிய:" என்று ஆரம்பிப்பார். நூறு வயசு என்றவுடனேயே அதற்குச் சமமாக இந்திரிய பலத்தையும் சேர்த்துவிடுகிறது. மாத்யான்னிகத்தில் சூரியனைப் பார்த்துச் சொல்வதும் அப்படித்தான்: நூறு சரத்காலம் பார்க்கணும், வாழணும், கேட்கணும், பேசணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறது. எண்பதுக்கு எல்லாரும் திருக்கடையூர் போகிறார்களே, அந்த அபிராமியிடம் பட்டர் கேட்கிற பட்டியலில் "குறையாத வயதும்" வந்த கொஞ்ச நேரத்தில் "கழுபிணி இலாத உடலும்" வந்துவிடுகிறது, அடுத்தது "சலியாத மனமும்". இதையேதான் நம் பாட்டிகள் "கை கால் நடமாட்டத்தோட இருக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். நாம் பேனரில் இடம் பத்தாது என்று பாதியை வெட்டிவிட்டு வயசை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்பாவுக்கு உடம்பு பற்றிய பாதியையும் அப்படியே போட முடியாது என்பது வேறு விஷயம். "நோயற்ற வாழ்வு" என்று எட்டடி ஃப்ளெக்ஸில் போட்டு அதன் கீழே அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் குத்திக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். அவருக்குப் பொருந்துவது கடந்ததைக் கொண்டாடுகிற வரிதான். எண்பதுக்கு ஏற்கெனவே அப்படி ஒன்று இருக்கிறது: ஆயிரம் பிறை கண்டவர். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாளுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆயிரம் பிறைக்கு 80 வயசும் ஏறக்குறைய பத்து மாசமும் ஆகும், அதனால்தான் எண்பது நிறைந்து சில மாசம் கழித்து நாள் பார்க்கிறார்கள். இதில் இனிமேல் இத்தனை வருஷம் இரு என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பார்த்துவிட்டார், முடிந்தது, யாராலும் எடுக்க முடியாது.

அடுத்தது அம்மா. "தீர்க்க சுமங்கலி பவ" என்பது பெரியவர்கள் வாயால் வருகிற ஆசி, காலில் விழுந்து எழும் பெண்ணுக்குச் சொல்வது. பிள்ளைகள் பெயரில் அடிக்கிற பேனரில் அது வந்தால் நீயும் உன் தங்கையும் அம்மாவை ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது. அதுகூடப் போகட்டும். அந்த வார்த்தைக்கு அர்த்தமே இவர் இருக்கும்போதே நீ போய்ச் சேர் என்பதுதானே? ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது அம்மா. அம்மா இல்லாவிட்டால் யார் என்கிற கேள்வி அந்த வீட்டில் தினமும் இருக்கிறது, அதைப் போய்ச் சுவரில் மாட்ட வேண்டாம். வாத்தியார் மந்திரத்தோடு சொன்னால் சொல்லட்டும், அது காலங்காலமாக வருவது, அம்மாவும் தலை குனிந்து வாங்கிக்கொள்வார். நாம் அச்சடிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

"வாழ்த்த வயதில்லை" மட்டும் திசை சரியானது. ஆனால் மெட்ராஸில் மூலைக்கு மூலை வட்டச் செயலாளர் பிறந்தநாளுக்கு அதைப் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள், அப்பா அதைப் படிக்கக்கூட மாட்டார். அதே திசையில் நேராகப் போய்விடலாம், அவரிடமே கேட்கலாம். நான் யோசித்தது இது:

ஆயிரம் பிறை கண்ட எங்கள் அப்பா
அருகில் அம்மா
ஆசி வேண்டும் பிள்ளைகள், பேரன் பேத்திகள்

இவ்வளவுதான், ஆயுசு பற்றி ஒரு வார்த்தை இல்லை. விசேஷத்தன்று வரிசையாக எல்லாரும் வந்து நமஸ்காரம் பண்ணும்போது ஆசீர்வாதம் பண்ண வேண்டியது அவர். வலது கை நன்றாகத்தான் இருக்கிறது, அட்சதைத் தட்டை அந்தப் பக்கம் ஒரு முக்காலியில் எட்டுகிற உயரத்தில் வைக்கச் சொல்லு. வருகிறவர்கள் ஆளுக்கொரு "நூறு வயசு இருக்கணும்" சொல்லத்தான் சொல்வார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் காலில் விழுந்து எழுந்தவன் பொதுவாக அதைச் சொல்ல மாட்டான், கவனித்திருக்கிறாயா? வாங்கிக்கொள்கிற இடத்தில் அல்லவா நிற்கிறான்.

உன் தங்கைக்கு "இன்னும் நூறாண்டு" இல்லாமல் மொட்டையாக இருக்கிறது என்று தோன்றலாம். அவள் கட்டாயம் வேண்டும் என்றால் "பல்லாண்டு" என்று சின்ன எழுத்தில் மேலே வைத்துவிடலாம். பெரியாழ்வார் பெருமாளுக்கே பாடியது, சின்னவர் பெரியவருக்குச் சொன்னால் தப்பில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், எத்தனை வருஷம் என்ற கணக்கும் அதில் ஒட்டாது.

புதன்கிழமைக்குள் சொல்லிவிடு, வெள்ளி அன்று பிரிண்டுக்குப் போகணும். ஃபோட்டோ நீ அனுப்பியது பாஸ்போர்ட் சைஸை இழுத்தது, பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். உன் கல்யாண ஆல்பத்தில் அப்பாவும் அம்மாவும் பந்தியில் நின்று பரிமாறுகிற படம் ஒன்று உண்டே, அதை ஸ்கேன் பண்ணி அனுப்பு. அப்புறம் அப்பா இனிஷியல் ஒன்றா ரெண்டா? பத்திரிகையில் ஒன்றுதான் இருக்கிறது, வாசல் போர்டில் ரெண்டு பார்த்தேன்.

அன்புடன்,
சேகர்