அடித்து எழுதினால் குற்றமில்லை

ஆசிரியருக்கு,

முதல் மதிப்பெண் வாங்கும் மாணவர்களின் மன அழுத்தம் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். பெரிய இலக்கு வைப்பதே தவறு என்பது போல அதில் சொல்லியிருப்பதை ஏற்க முடியவில்லை. தவறு நேர்ந்த பிறகு பிள்ளை என்ன செய்கிறது என்பதில்தான் வேறுபாடு தெரியும்.

மண்டபத்தில் மாலையில் பிளஸ் 2 கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். காலாண்டுத் தேர்வில் இரண்டு மாணவிகளுக்கு ஒரே மதிப்பெண். ஒருத்தி தொகையிடலில் குறி மாறிய இடத்தை வட்டமிட்டு, அந்தக் கணக்கை மறுபடி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்பினாள். மற்றவள் விடைத்தாளை மடித்துப் பைக்குள் திணித்துவிட்டாள். அப்புறம் பார்த்தால், அவள் நோட்டில் ஓர் அடித்தல்கூட இல்லை. பிழை வந்த பக்கங்களையெல்லாம் கிழித்திருக்கிறாள். பாதி வழி தெரிந்த ஐந்து மதிப்பெண் கணக்கையும் தேர்வில் தொடவில்லை. படிகளுக்கு மதிப்பெண் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். "தப்பா எழுதினா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது சார்?" என்றாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். மகளை ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. பிறர் தன்னிடம் குறையே இல்லாததை எதிர்பார்க்கிறார்கள் என்ற இந்த எண்ணத்தை ஹெவிட், ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991-லேயே பரிபூரண மோகத்தின் ஒரு தனி வகையாகப் பிரித்துக் காட்டினார்கள்.

விடைத்தாள் தரும் நாளில், பிழையைத் திருத்தி எழுத ஒரு பாடவேளையைப் பள்ளிகள் ஒதுக்கட்டும். அடித்தல் இருக்கிறது என்பதற்காக நோட்டைத் திரும்ப எழுதச் சொல்வதையும் நிறுத்தட்டும்.

ஒரு கணக்கு ஆசிரியர்,
மண்டபம்.