ஆச்சி வீட்டு வீடியோ ஏன் மங்கலாகத் தெரிகிறது

அன்புள்ள முரளி,

இங்கே எல்லாரும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியேதான். சரி, சண்டைக்கு வருகிறேன். நாள் முழுக்க நின்று வீட்டை 360 டிகிரி கேமராவில் எடுத்து அனுப்பினால், "கேமரா ஓட்டைடா, மூஞ்சியே தெரியல" என்கிறாய்!

கேமராவைத் திட்டாதே. அது 5.7கே எடுக்கும், அதாவது அகலத்தில் 5760 புள்ளி. ஆனால் அந்த 5760-ம் உன்னைச் சுற்றி முழு வட்டத்துக்கும் பரவிக் கிடக்கிறது. போனில் ஒரு நேரத்தில் நீ பார்ப்பது ஏறக்குறைய கால் வட்டம், அதற்குக் கிடைப்பது 1440 புள்ளிதான். பல போன்கள் 3840-க்கு மேல் அகலமுள்ள வீடியோவை ஓட்டத் திணறும் என்பதால் உனக்காக அதையும் 3840-ஆகக் குறைத்துத்தான் யூடியூபில் ஏற்றினேன், அப்போது கால் வட்டத்துக்கு 960. வீடியோ தரத்தை நீ ஆட்டோவிலேயே விட்டிருப்பாய், அது 480p-க்கு இறங்கியிருந்தால் மிஞ்சுவது இருநூற்றுச் சொச்சம். அதில் ஆச்சியின் மூக்குத்தி எங்கே தெரியும்? தரத்தை நீயே 2160p-க்கு மாற்றி வைத்துப் பார்.

போனைத் திருப்பினாலும் படம் திரும்பவில்லை, விரலால் தள்ளினால் மட்டும் திரும்புகிறது என்றாயே, அது பெரும்பாலும் உன் போனில், போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப் இல்லாததால்தான். விலை குறைந்த போன் பலவற்றில் அதை வைப்பதில்லை. அண்ணி போனில் பார்த்துவிட்டுச் சொல்.

அப்புறம் செல்வம் அண்ணனின் தோள் துண்டாக விலகித் தெரிகிறது, பேயா என்றாயே. அது பேய் இல்லை. கேமராவின் முன்னும் பின்னும் இரண்டு மீன்கண் லென்ஸ், ஒவ்வொன்றும் அரை வட்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே பிடிக்கும். அந்த மிச்ச ஓரங்களைப் பொருத்தித்தான் மென்பொருள் இரண்டையும் ஒட்டுகிறது. மூக்குக்கு முன்னால் விரலை நீட்டி கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார், விரல் இடம் மாறும், தூரத்துச் சுவர் அவ்வளவாக மாறாது. லென்ஸ்களுக்கும் அதே கதை. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருப்பதால் தூரத்தில் இருப்பது அழகாக ஒட்டிக்கொள்ளும், கிட்டத்தில் இருப்பது ஒட்டாது. முற்றத்துத் தூணெல்லாம் நேராக நிற்க, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கேமராவின் பக்கவாட்டில் முழங்கை தூரத்தில் வந்து நின்ற அண்ணனுக்கு மட்டும் சட்டைக் கோடு வெட்டி ஒட்டியது போல விலகிவிட்டது. (அவர் எப்போது சொல்பேச்சு கேட்டிருக்கிறார்!)

முரளி, பொங்கல் கழிந்ததும் வீட்டை இடிக்கிறார்கள். பேச்சு முடிந்துவிட்டது. அதற்குள் இன்னொரு தரம் எடுக்கப் போகிறேன். இந்தத் தடவை ஒரு லென்ஸ் நேராக ஆச்சியைப் பார்க்கும், ஒட்டு விழும் பக்கங்களில் ஒன்றரை மீட்டருக்குள் யாரையும் விடமாட்டேன். முற்றம், அடுப்படி, மச்சு மூன்றும் முடிவாகிவிட்டது. நாலாவதாகக் கேமராவை எங்கே வைக்கட்டும்? திண்ணையா, கிணற்றடியா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
கணேசன்