கதவைத் திறந்தது யார் என்று எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. "சாலையோரம் நின்றிருந்த கார் மீது மோதி ஸ்கூட்டரில் சென்ற பெண் படுகாயம்." செய்தியின் கடைசியில்தான் காரில் இருந்தவர் கதவைத் திறந்தார் என்று இருந்தது. அப்படியானால் யார் மீது யார் மோதியது?

இதே வரியை எங்கள் குடும்பம் காவல் நிலையத்தில் கேட்டிருக்கிறது. என் தம்பி திருச்சியில் ஒரு கடைவீதியில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தான். இடது ஓரம் நின்ற காரின் டிரைவர் பக்கக் கதவு, அவன் பக்கத்தில் வரும்போது படாரென்று திறந்தது. ஹேண்டிலின் இடது முனையில் பட்டு, வண்டி வலது பக்கம் சாய்ந்து, நடுரோட்டில் விழுந்தான். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் பிரேக் போட்டதால் உயிரோடு இருக்கிறான். காறை எலும்பு உடைந்தது. கார்க்காரர் இறங்கிக் கேட்ட முதல் கேள்வி, "பார்த்து வரக் கூடாதா?"

எதைப் பார்ப்பது, ஐயா? முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் எட்டு மீட்டருக்கு மேல் போய்விடும். கண்ணில் பட்டு, கை பிரேக்கைப் பிடிக்கவே கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். நாலைந்து மீட்டர் முன்னால் திறக்கிற கதவுக்கு எவ்வளவு நிதானமானவரும் தப்ப முடியாது. காரை விட்டு ஒரு மீட்டர் தள்ளிப் போகலாம் என்றால், பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தே ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறார். கடைக்காரர்கள் நடைபாதையைப் பிடித்துக்கொள்ள, கார்கள் ரோட்டைப் பிடித்துக்கொள்ள, மிச்சமுள்ள சந்தில்தான் சைக்கிளும் ஸ்கூட்டரும் போக வேண்டும். இதைப் பற்றி முன்பும் உங்களுக்கு எழுதினேன். வெளியாகவில்லை.

யார் தவறு என்பதை வண்டியே சொல்லும். கதவு முன்பே முழுதாகத் திறந்திருந்து ஸ்கூட்டர் போய் இடித்திருந்தால், ஸ்கூட்டரின் முன்பக்கம் நொறுங்கியிருக்கும். கதவு கீலைத் தாண்டி முன்னோக்கி வளைந்திருக்கும். தம்பியின் ஸ்கூட்டரில் முன் மட்கார்டில் ஒரு கீறல்கூட இல்லை. இடது பிரேக் லீவர் வளைந்திருந்தது, இடது பக்கத் தகட்டில் நீளமாக ஒரு கீறல். காரின் கதவு விளிம்பில் ஸ்கூட்டரின் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கதவுதான் வந்து அவனை இடித்தது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அன்றே போட்டோ எடுத்து வைத்ததால்தான் பிறகு எங்கள் பேச்சு எடுபட்டது. வெகுநேரமாகத் திறந்து கிடக்கிற கதவில் போய் மோதினால் ஓட்டியவர் மீதும் பங்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

"கார் ஓடவே இல்லையே, கேஸ் எப்படி வரும்?" என்று அப்போது எங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். நின்ற வண்டியும் விபத்து இழப்பீட்டுச் சட்டப்படி 'பயன்பாட்டில்' இருக்கலாம் என்று 1991-லேயே, கவிழ்ந்து கிடந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவு, கவனக்குறைவான செயலால் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குகிற எவருக்கும் பொருந்தும். பின் சீட்டில் இருந்து இறங்குகிற பயணிக்கும்தான். டாக்ஸியில் இருந்து வலது பக்கமாகக் குழந்தையை இறக்கிவிடுகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

பிரிட்டனில் 2022-இல் சாலை விதிப் புத்தகத்திலேயே ஒரு பழக்கத்தைச் சேர்த்தார்கள்: கதவுக்குத் தள்ளியிருக்கும் கையால் திற. நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருகிறார். இடது கையால் கைப்பிடியைப் பிடித்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். கண்ணாடியை மட்டும் நம்பக் கூடாது. குவிந்த கண்ணாடியில் கிட்டே வருகிற வண்டியும் தூரத்தில் இருப்பது போலத்தான் தெரியும். லைசென்ஸுக்கு டூவீலர்காரரை எட்டுப் போடச் சொல்கிறோம். காரிலிருந்து எப்படி இறங்குவது என்று என் வீட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட யாருக்கும் எந்தப் பள்ளியிலும் சொல்லித்தரவில்லை.

இதையெல்லாம் நீங்கள் சரிசெய்ய முடியாது என்று தெரியும். உங்களால் முடிந்தது ஒன்று உண்டு. அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, "காரில் இருந்தவர் கதவைத் திறந்ததில் ஸ்கூட்டரில் சென்றவர் காயம்" என்று முதல் வரியிலேயே போடுங்கள். சென்ற வாரச் செய்திக்கும் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அந்தப் பெண்ணின் குடும்பத்தார் அதை வெட்டி எடுத்துக்கொண்டு இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சி