கொலு அடுக்க வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். மகாளய அமாவாசையன்று மாலை 4 மணிக்குக் குடியிருப்புக் கூடத்தில் 9 படிக் கொலு அடுக்குகிறோம்.

1. கீழ்ப்படியில் செடிகொடி. மேலே போகப் போக ஊர்வன, விலங்கு, மனிதர், முனிவர், தெய்வங்கள். உச்சியில் கலசமும் மரப்பாச்சியும். உயிர் படிப்படியாக உயர்கிற கதை இது. அடுக்குவதை மட்டும் மேலிருந்து தொடங்குவோம், கை பட்டுக் கீழ்ப்படி பொம்மை விழாது.

2. தசாவதாரப் படியில் மச்சம் முதல் கல்கி வரை வரிசை மாறக் கூடாது. குழப்புவது மூன்று ராமர்கள்தான்: கோடரி இருந்தால் பரசுராமர், அடுத்து வில்லோடு ராமர், கலப்பையோடு பலராமர். அப்புறம்தான் கிருஷ்ணர்.

3. பொம்மை தருபவர்கள் அடியில் வீட்டு எண் எழுதுங்கள்.

யார் வருகிறீர்கள், எந்த பொம்மை தருகிறீர்கள் என்று முந்தின நாள் இரவுக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.