பீரோவில் வைத்தால் போதாது, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சட்டக் கேள்வி பதில் பகுதியில், லிவிங் வில் பற்றி, அதாவது நினைவு தப்பிய நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாளைப் பற்றி, ஒரு வாசகர் கேட்டதற்கு, “இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி கையெழுத்து. எழுதி வாங்கி பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தொல்லை இல்லை” என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் கணவரும் அப்படித்தான் செய்தார். வீட்டுப் பத்திரத்தோடு அந்தத் தாளையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தார்.

எங்கள் பத்திரிகை என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு வாங்கும் வீடு இது. அந்த உரிமையில் எழுதுகிறேன். கோபமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மார்ச்சில் லிவிங் வில்லை ஏற்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நீங்கள் போட்ட தலைப்பு ‘கருணைக்கொலைக்கு அனுமதி’. அது கொலை இல்லை, பலன் தராத சிகிச்சையை நிறுத்தி நோயாளியை வலியில்லாமல் பார்த்துக்கொள்வது என்று அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் அச்சிடவில்லை. அந்தச் சொல் சும்மா போகவில்லை ஐயா. ஐ.சி.யூ. வாசலில் என் கொழுந்தனார் வாயிலிருந்து வந்தது: “அண்ணி, எங்க அண்ணனைக் கருணைக்கொலை பண்ணப் பாக்கறீங்களா?”

நடந்தது இதுதான். போன ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் அவருக்கு மூளையில் பெரிய ரத்தக் கசிவு. தனியார் மருத்துவமனை ஒன்றில் வெண்டிலேட்டர் வைத்தார்கள். நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று மூன்றாம் நாள் டாக்டரே சொன்னார். அன்று சாயங்காலம் மகன் வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்து வந்தான். டாக்டர் அதைத் தொடவே இல்லை. “ஆபீஸில் காட்டுங்கம்மா” என்றார். அங்கே ஒரு மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஜிஸ்திரேட் கையெழுத்து இல்லையே” என்றார்.

மாஜிஸ்திரேட் மேலொப்பம் 2018 விதி. அது நடைமுறைக்கு ஒத்துவராது என்றுதான் 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதை எடுத்துவிட்டு, நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றது. என் மகன் இதைச் செல்போனில் காட்டினான். அடுத்த கேள்வி வந்தது. “சரி, இது அவர் எழுதினதுதான்னு நாங்க எப்படி நம்பறது?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த மேலாளரைக் குற்றம் சொல்லவும் முடியாது. தாள் உண்மையானதா என்று சிகிச்சை தரும் டாக்டர் சரிபார்க்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்கிறது. அதற்காகத்தான் ஒரு நகலை மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென உள்ள அலுவலரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறார்கள். குடும்ப டாக்டருக்கும் தாளில் பெயர் குறித்த உறவினருக்கும் ஆளுக்கொரு நகல் போக வேண்டும். பீரோவில் இருப்பதை வைத்து யார் எதைச் சரிபார்ப்பார்கள்? நீங்கள் எழுதிய பதிலில் இந்த ஒரு வரி இல்லை.

சாட்சிகளைக் கூப்பிடச் சொன்னார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், வந்தார். இன்னொருவர் என் கணவரோடு தினமும் நடக்கப் போகும் நண்பர். “போலீஸ் கேஸ் ஆகுமா?” என்று போனில் கேட்டார், அதற்கப்புறம் எடுக்கவில்லை. பாவம், அவர் போட்டது ‘இவர் சுயபுத்தியோடு, யாரும் வற்புறுத்தாமல், என் முன்னால் கையெழுத்திட்டார்’ என்பதற்கான சாட்சி மட்டும். சிகிச்சையை நிறுத்துவதில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது. அதை அன்றே அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. விருப்பத்தோடு, புரிந்துதான் எழுதினார் என்று நோட்டரியும் திருப்திப்பட்டுப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் நோட்டரி அவர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீல் வைத்தார், பணம் வாங்கினார்.

எங்கள் பக்கமும் பிழை இருந்தது. மறைக்கமாட்டேன். ‘தேவையற்ற சிகிச்சை எனக்கு வேண்டாம்’ என்று மட்டும் எழுதியிருந்தார். “எது தேவையற்றது? வெண்டிலேட்டரா, டயாலிசிஸா, மூக்குக் குழாயா?” என்று டாக்டர் கேட்டதில் நியாயம் இருந்தது. தெளிவில்லாத தாளைச் செயல்படுத்த முடியாது. எந்த நிலை வந்தால், எதை வைக்கக் கூடாது, வைத்திருந்தால் எதை எடுக்க வேண்டும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். முடிவு சொல்ல என் ஒருத்தி பெயரைத்தான் போட்டிருந்தார். கொழுந்தனார் கத்தியபோது எனக்குக் குரலே வரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர் பெயரைப் போட இடமுண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் தாளே இல்லாத நோயாளிக்கும் ஒரு வழி இருக்கிறதே! சிகிச்சை தரும் டாக்டரும், ஐந்து வருஷ அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழுவாக உட்கார வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால், மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு டாக்டரும், வேறு இரண்டு நிபுணர்களும் கொண்ட இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதமும் வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தந்தால் போதும், அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்கள் மருத்துவமனையில் முதல் குழுவே கூடவில்லை. “எங்ககிட்ட அந்த மாதிரி கமிட்டி இல்லம்மா” என்றார்கள். தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு இருப்பவர் நலப்பணிகள் இணை இயக்குநர். தீர்ப்பில் குறித்திருக்கும் தலைமை மருத்துவ அலுவலர் அவர்தானா என்று நான் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. கர்நாடகத்தில் 2025 ஜனவரியிலேயே சுகாதாரத் துறை இதற்குச் சுற்றறிக்கை போட்டுவிட்டது.

பதினோராம் நாள் அந்த மேலாளரே குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். “நீங்களா கூட்டிட்டுப் போறோம்னு எழுதிக் குடுத்துடுங்க.” எழுதிக் கொடுத்தேன். ‘மருத்துவ ஆலோசனைக்கு எதிராக, எங்கள் பொறுப்பில்’ என்று அச்சடித்த படிவம். ஆம்புலன்ஸில் ஒரு பையன் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வந்தான். வீட்டுக் கூடத்தில் அதை எடுத்தான். நாற்பது நிமிஷம் அவருக்கு மூச்சு வாங்கியது. வலிக்கோ இரைப்புக்கோ ஒரு மருந்து கொடுக்க ஆளில்லை. குழுக்கள் கூடி முடிவு செய்திருந்தால் அதே ஐ.சி.யூ.வில், மருந்தோடு, நான் கையைப் பிடித்திருக்கப் போயிருப்பார். அவர் கேட்டதும் அதைத்தான். இன்று என் கையெழுத்தோடு இருக்கும் படிவம், டாக்டர்கள் வேண்டாம் என்றும் மனைவி தூக்கிக்கொண்டு போனாள் என்கிறது.

கார்த்திகையில் என் தாளை எழுதினேன். மூன்று நகல் எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போனேன். பிறப்பு இறப்புப் பிரிவில் கேட்டால் சுகாதாரப் பிரிவு, அங்கே போனால் தபால் பிரிவு. நான்காவது முறை போனபோது தபாலில் வாங்கி, என் நகலில் தேதி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். அது யார் மேசையில் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

உங்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த இதழில் அதே பகுதியில் ஒரு திருத்தம் போடுங்கள்: நகலை உள்ளாட்சி அலுவலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், குடும்ப டாக்டருக்கும் பெயர் குறித்தவர்களுக்கும் கொடுக்க வேண்டும். முடிந்தால் உங்கள் நிருபரை அனுப்பி, நம் மாவட்டத்தில் அந்த அலுவலர் யார் என்று கேட்டு அவர் பதவிப் பெயரை வெளியிடுங்கள். ‘கருணைக்கொலை’ என்ற சொல்லை இனி இதற்குப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், உங்கள் வாசகி
கும்பகோணம்