நேர்மைப் பயிலரங்குக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

உயர் தொடக்க வகுப்பு மாணவர்களுக்காக நான் வகுத்த 90 நிமிட நேர்மைப் பயிலரங்கு, உங்கள் திருத்தங்களால்தான் வகுப்பில் நடத்தத்தக்க வடிவம் பெற்றது.

தம் பாடவேளைகள் இரண்டை அடுத்தடுத்து விட்டுக்கொடுத்த வகுப்பாசிரியர்கள் இருவருக்கும் முதல் நன்றி. அறிமுகத்துக்கு 10 நிமிடம், பகடைச் செயல்பாட்டுக்கு 30, சூழல் அட்டைகளை வைத்துக் குழுவாகப் பேச 25, சிந்தனை வினாக்களுக்குத் தனியே விடையெழுத 15, நிறைவுக்கு 10 என்று நேரத்தைப் பிரித்திருந்தேன்.

பகடைச் செயல்பாட்டில் ஒவ்வொரு மாணவரும் கவிழ்த்த காகிதக் கோப்பைக்குள் பகடையைக் குலுக்கி, கோப்பையின் அடியில் இட்ட துளை வழியே எண்ணைத் தாம் மட்டும் பார்க்க வேண்டும். 5 அல்லது 6 விழுந்தவருக்கு ஒரு நட்சத்திர ஒட்டி உண்டு. 36 பேர் உருட்டினால் ஏறத்தாழ 12 பேருக்கே அவ்வாறு விழும். முதலில் நடத்திய பிரிவில் 21 பேர் கை உயர்த்தினார்கள். உடனே ஒருவரையொருவர் சுட்டிக்காட்டத் தொடங்கினார்கள். உண்மையாகவே 6 விழுந்திருந்த ஒரு மாணவி, கோப்பையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நீங்களே வந்து பாருங்க" என்று கலங்கிய கண்களோடு அழைத்தாள். நேர்மையாக நடந்த குழந்தையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது என் திட்டத்தின் பிழை. அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அந்தப் பிழையைத் தீர்த்தவர் கணித ஆசிரியர். மறைப்புத் தட்டிக்குப் பின்னால் 36 ஒட்டிகள் கொண்ட பெட்டியை வைத்து, உரியவர் தாமே எடுத்துக்கொள்ளட்டும், பிறகு மீதியை எண்ணினால் போதும் என்றார். அதே எண்ணிக்கையுள்ள அடுத்த பிரிவில் 17 மிஞ்சின. அதாவது 19 எடுக்கப்பட்டிருந்தன. 14, 15 என்பவை தற்செயலாகவும் வரக்கூடும் என்றும், மொத்த எண்ணிக்கை வகுப்பைப் பற்றிப் பேசுமே தவிர எந்த ஒருவரையும் காட்டிக்கொடுக்காது என்றும் அவர் பிள்ளைகளுக்கே விளக்கினார். கரும்பலகையில் 12, 19 என்ற இரண்டு எண்களும் அருகருகே நின்றபோது, யார்மீதும் பழி விழாமலே பேச்சு தொடங்கியது.

சிந்தனை வினாக்களைச் செப்பனிட்ட பள்ளி ஆலோசகருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். "நீ எப்போது பொய் சொன்னாய்?" என்ற என் வினாவை அவர் அடித்துவிட்டார்; அதற்குப் பிள்ளைகள் ஆபத்தில்லாத ஒரு பொய்யைப் புனைந்து எழுதுவார்கள், அல்லது வாயடைத்துப் போவார்கள் என்றார். அதற்குப் பதிலாக, "பெட்டியின் முன் நின்றபோது உனக்குள் என்ன சொல்லிக்கொண்டாய்?", "உண்மை சொன்ன ஒருவரை மற்றவர்கள் நம்பாவிட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?", "எது இருந்திருந்தால் உண்மையைச் சொல்வது எளிதாகியிருக்கும்?" என்ற மூன்றையும் தந்தார்.

முதல் வினாவுக்குப் பெயரிடாத தாளில் ஒரு விடை வந்தது: "எல்லாரும் எடுப்பாங்கன்னு நெனச்சுதான் நானும் எடுத்தேன்." மதிப்பெண்ணை ஆசிரியர் தவறுதலாகக் கூட்டிப் போட்டால் என்ன செய்வாய் என்பது போன்ற சூழல்களே என் அட்டைகளில் இருந்தன, இந்த எண்ணம் அவற்றில் இல்லை. இப்போது அது ஐந்தாவது அட்டையாகியிருக்கிறது. அதை எழுதிய குழந்தைக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
பயிலரங்கை நடத்திய ஆசிரியை